சிந்தசிஸ்: தொகுப்பா, இணைப்பா?

ஆய்வேட்டில் முந்தைய ஆய்வுகளை அலசும் முன்னாய்வு இயலைச் சக மாணவர் படித்துப் பார்த்து, ஓரத்தில் ‘இங்கே சிந்தசிஸ் இல்லை’ என்று எழுதுவார். எழுதியவருக்குக் குழப்பம்: பத்து கட்டுரைகளைத் தொகுத்திருக்கிறேனே, இன்னும் என்ன?

சொல் கிரேக்கம். ‘சின்’ என்றால் சேர்ந்து, ‘தெசிஸ்’ என்றால் வைப்பது. ஆய்வேட்டைக் குறிக்கும் தீசிஸும் இதே வேரில் வந்ததுதான். வேதியியலில் சிந்தசிஸ் என்றால் சில பொருள்கள் கூடி வேறொரு பொருளாவது. ஒளிச்சேர்க்கையில் நீரும் கார்பன் டை ஆக்சைடும் சர்க்கரையாகின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் அது நடக்காது.

அதனால்தான் ‘தொகுப்பு’ இங்கே போதவில்லை. தொல்காப்பிய மரபியல் வழிநூலின் நான்கு வகைகளில் முதலாவதாகத் தொகுத்தலைச் சொல்கிறது. விரிந்ததைச் சுருக்கித் தருவது அது. ‘ஒருங்கிணைப்பு’ என்றாலோ கூட்ட ஒருங்கிணைப்பாளர்தான் நினைவுக்கு வருகிறார். என் தேர்வு ‘இணைத்தாய்தல்’. ஆய்தல் உள்ளே இருப்பதால் வேலை என்ன என்பது சொல்லிலேயே தெரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. தலைப்பு, தாளில் படிப்பதும் திரையில் படிப்பதும் என்று வைத்துக்கொள்வோம். இயலில் மூன்று பத்திகள். முதல் ஆய்வில் தாளில் படித்தவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் வேறுபாடே இல்லை. மூன்றும் வரிசையாக நிற்கின்றன, அவ்வளவுதான். படிப்பவர் கேட்க வேண்டியது: ‘மூன்றாவது ஏன் ஒத்துப்போகவில்லை?’

எழுதியவர் திரும்பிப் போய்ப் பார்க்கிறார். முதல் இரண்டிலும் தகவல் கட்டுரைகள், நேர வரம்பும் உண்டு. மூன்றாவதில் கதை, நேர வரம்பு இல்லை. சரி, அப்படியானால் வேறுபாட்டுக்குக் காரணம் நேரமா, உரையின் வகையா? இந்த மூன்றை வைத்துச் சொல்ல முடியாது. எந்த ஒரு கட்டுரையிலும் இல்லாத இந்த வாக்கியம்தான் இணைத்தாய்தல். ஆய்வு இடைவெளியும் இதிலிருந்தே தெரிகிறது: நேர வரம்பில்லாமல் தகவல் கட்டுரை, நேர வரம்போடு கதை, இரண்டையும் இந்த மூன்றில் எதுவும் ஆயவில்லை.

ஆனால் இடைவெளி என்று எழுதுமுன் இன்னொரு கேள்வி, தேடலின் பரப்பைப் பற்றியது: ‘எந்தச் சொற்களால் தேடினாய்?’ ‘திரை வாசிப்பு’ என்று மட்டும் தேடியிருந்தால் ‘மின்னூல்’, ‘கைபேசி’, ‘டிஜிட்டல் உரை’ என்ற பெயர்களில் வந்தவை விடுபட்டிருக்கும். அவற்றில் ஒன்றே அந்த இடைவெளியை ஏற்கெனவே நிரப்பியிருக்கலாம். ‘இதை யாரும் ஆயவில்லை’ என்ற வரியை நான் எங்கே கண்டாலும் அடிக்கோடிடுவேன். பெரும்பாலும் அது தேடலில் விழுந்த ஓட்டை. தேடிய தளங்கள், சொற்கள், ஆண்டு எல்லை ஆகியவற்றை இயலின் தொடக்கத்தில் சொல்லிவிட்டு, ‘இந்தத் தேடலில் கிடைக்கவில்லை’ என்று எழுதினால் அந்த வரி நிற்கும்.