சேர்ச்–ரூரிங் துணிபு: சொல்லும் பொருளும்

யாழ்ப்பாணத்தில் கணினி அறிவியலைத் தமிழில் எழுத முற்படுவோருக்கு ஒரு சொல் ஓயாமல் இடறுகிறது. விதிப்படி செய்யத்தக்க கணிப்பு எதுவாயினும் அதை நாடாப் பொறியொன்று செய்யும் என்னும் கூற்றை ஆங்கிலத்தில் 'சேர்ச்–ரூரிங் தீசிஸ்' என்பர். அண்மையில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருவர் தம் குறிப்பில் அதைத் 'தேற்றம்' என எழுதியிருந்தார்; அவருக்கு அருகில் இருந்தவர் 'கருதுகோள்' என எழுதியிருந்தார்; அகராதியை மட்டும் நம்பிய மூன்றாமவர் 'ஆய்வேடு' என்றே எழுதிவிட்டார். மூன்றும் ஏன் பொருந்தவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால், அந்தக் கூற்று உண்மையில் எதை முன்வைக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கூற்றுக்கு இரண்டு பக்கங்கள் உள்ளன. ஒரு பக்கத்தில், தாளும் பென்சிலும் வைத்திருக்கும் ஒருவர், தரப்பட்ட விதிகளை மட்டும் பின்பற்றி, ஊகமோ சாமர்த்தியமோ எதுவும் பயன்படுத்தாமல், முடிவுள்ள படிகளில் விடையை அடையத்தக்க கணிப்பு என்னும் பழைய, வரையறுக்கப்படாத எண்ணம் இருக்கிறது. மறு பக்கத்தில், ஒரு நாடாவில் கட்டம் கட்டமாக நகர்ந்து குறிகளை எழுதியும் அழித்தும் செல்லும் பொறி இருக்கிறது. அது கணிதத்தில் துல்லியமாக வரையறுக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒரே எல்லையை உடையன என்பதே கூற்று. பொறி செய்வதை மனிதர் செய்யலாம் என்பதில் ஐயமில்லை, பொறியின் அட்டவணையைப் பார்த்து அவர் அப்படியே எழுதிக்கொண்டு போகலாம். மனிதர் செய்வதையெல்லாம் பொறி செய்யும் என்ற திசையில்தான் சான்று தேவைப்படுகிறது. ஒரு பக்கம் வரையறைக்குள் வராத எண்ணமாக இருக்கும்வரை, இந்தச் சமன்பாட்டைத் தேற்றங்களை நிறுவுவதுபோல் நிறுவ முடியாது.

அந்தப் பழைய எண்ணத்தை ஆங்கிலத்தில் 'இஃபெக்டிவ்' என்னும் அடைமொழியால் குறித்தார்கள். நம் வணிகக்கல்விப் பாடங்களில் பழகிய 'வினைத்திறன்', 'விளைதிறன்' ஆகிய இரண்டும் இங்கே வழிதவறச் செய்யும். வேகமும் சிக்கனமும் இங்கு பேச்சே இல்லை. கோடி ஆண்டு பிடிக்கும் கணிப்பும் விதிப்படி முடியுமானால் உள்ளே வரும். ஆகவே 'விதிவழிக் கணிப்பு' என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. வாக்கிய பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கும் ஊர் நமது. அதன் பின்னாலுள்ள கணக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜோன் வாரன் என்பவர், புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் மனனம் செய்த வாக்கியங்களைக் கொண்டும் தரையில் சோகிகளை அடுக்கியும் 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதைப் பதிவுசெய்தார். அந்தக் கணிதருக்கு வானியற் கோட்பாடு எதுவும் தெரியாது என்றும் வாரன் எழுதினார். குறையாகச் சொல்லப்பட்ட அந்த அறியாமைதான் நமக்கு வேண்டியது: கோட்பாடு தெரியாமலே விதியால் விடைக்குச் செல்ல முடிந்தால், அது விதிவழிக் கணிப்பு.

1936இல் அலன் ரூரிங் எழுதிய கட்டுரையிலும் 'கொம்பியூட்டர்' என்பது இத்தகைய ஆளையே குறித்தது. கணக்குப்பிள்ளை என்று நாம் மொழிபெயர்த்தால் பெரிய பிழை நேராது. ரூரிங் செய்தது அந்த ஆளின் வேலையைக் கூறுபோட்டுப் பார்த்ததுதான். சதுரக் கோடிட்ட கொப்பியில் ஒரு பிள்ளை 199உடன் 1ஐக் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். வலக்கோடியில் உள்ள 9ஐப் பார்த்து 0 ஆக்கி இடப்பக்கம் நகர்கிறது. அடுத்த 9ஐயும் 0 ஆக்கி நகர்கிறது. பின் 1ஐப் பார்த்து 2 என எழுதி நிறுத்துகிறது. விடை 200. விதி மிகச் சிறியது: 9ஐக் கண்டால் 0 எழுதி இடப்பக்கம் போ, வேறு இலக்கத்தைக் கண்டால் அதற்கு அடுத்ததை எழுதி நில், வெற்றுக் கட்டத்தைக் கண்டால் 1 எழுதி நில். எண் எத்தனை இலக்கம் நீண்டாலும் விதி நீளாது, ஒரு வேளையில் பார்ப்பது ஒரு கட்டத்தை மட்டுமே.

எல்லாக் கணிப்பும் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதற்கு ரூரிங் காரணம் சொன்னார். குறிகள் எண்ணற்றனவாக இருந்தால், அவற்றுட் சில ஒன்றையொன்று வேறுபடுத்திக் காணமுடியாத அளவு ஒத்திருக்கும். எனவே அவை எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கண் ஒரே பார்வையில் பிடிக்கும் கட்டங்களுக்கும் எல்லை உண்டு: பதினைந்து ஒன்பதுகள் கொண்ட எண்ணையும் பதினாறு ஒன்பதுகள் கொண்ட எண்ணையும் பக்கத்தில் வைத்தால், பென்சில் முனையால் எண்ணாமல் எது எதுவென்று சொல்ல முடியாது. கணிப்பவரின் மனநிலைகளும் இதே காரணத்தால் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. நினைவு போதாதபோது அவர் ஒரு குறிப்பைத் தாளில் எழுதிவைத்துப் பிறகு தொடரலாம். தாள் இரு பரிமாணமாக இருப்பது வசதிக்கே, வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் அதுவே நாடா. ஆக, மனிதர் ஒரு படியில் செய்வதைப் பொறி ஒரு சில படிகளில் செய்துவிடுகிறது.

இது நிறுவல் ஆகாது என்றாலும் வெறும் பட்டியலை விட வலிமையானது, ஏனெனில் இது கணிப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்காமல் கணிப்பவரின் வரம்புகளிலிருந்து தொடங்குகிறது. தருக்கவியலாளர் அலொன்சோ சேர்ச், சார்புகளை எழுதிக் கணிக்கத் தாம் வகுத்த குறியீட்டு முறையாகிய லம்டா கணிதத்தைக் கொண்டு இதே சமன்பாட்டை முன்னரே முன்மொழிந்தபோது, மற்றொரு தருக்கவியலாளரான குர்ட் கேடல் அதைத் துளியும் திருப்தியற்றது என்று தள்ளிவிட்டார். ரூரிங்கின் பகுப்பாய்வைக் கண்ட பின்னரே ஏற்றுக்கொண்டார். பாடக்குறிப்புகளில் முதலிடம் பெறும் மற்றொரு சான்று, லம்டா கணிதம், மீள்வரைவுச் சார்புகள், எமில் போஸ்ற் தனியே வகுத்த முறை என வெவ்வேறு வழியில் தொடங்கியவை எல்லாம் ஒரே சார்புகளைத் தந்தன என்பதாகும். அந்தச் சமத்துவங்கள் நிறுவப்பட்ட தேற்றங்களே. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் சேர்வதால் மட்டும் அந்த இடம் சரியானது ஆகிவிடாது, எல்லோரும் ஒரே பிழையைச் செய்திருக்கவும் கூடும். எனவே இந்தச் சான்றுக்கு நான் இரண்டாம் இடமே கொடுப்பேன்.

பெரிதும் கவனிக்கப்படாத மூன்றாவது சான்று, இந்தக் கூற்றைக் கவிழ்க்கச் செய்த முயற்சி ஏன் தோற்றது என்பதில் உள்ளது. கூட்டல், பெருக்கல், அடுக்கு போன்றவற்றை, ஓர் எண்ணுக்குரிய விடையிலிருந்து அடுத்த எண்ணுக்குரிய விடையைப் பெறும் விதியால் கட்டியெழுப்பலாம். இவ்வாறு கட்டப்படும் சார்புகளை முதனிலை மீள்வரைவுச் சார்புகள் எனலாம். விதிவழிக் கணிப்பு முழுவதும் இவ்வளவுதான் என்று ஒருவர் சொன்னால், அவரை மறுப்பது எளிது. இச்சார்புகளை வரைவிலக்கணங்களின் வரிசையில் 1, 2, 3 என இலக்கமிட்டுப் பட்டியலிடலாம். ஒவ்வொன்றும் எந்த எண்ணுக்கும் தவறாமல் விடை தரும். இனி, n ஆம் சார்புக்கு n ஐக் கொடுத்து, வரும் விடையுடன் 1ஐக் கூட்டுவதைப் புதிய சார்பாக எடுத்துக்கொள்வோம். அதை விதிப்படி கணிக்கலாம், ஆயினும் அது பட்டியலிலுள்ள ஒவ்வொன்றுடனும் குறைந்தது ஓர் எண்ணிலாவது மாறுபடுகிறது. ஆகவே பட்டியல் போதாது. வேறு வழியில், மிக வேகமாக வளரும் ஒரு சார்பைக் கொண்டு அக்கர்மான் 1928இல் இதே குறையைக் காட்டியிருந்தார்.

இதே கத்தியை நாடாப் பொறிகள் மீது வைத்துப் பார்ப்போம். பொறிகளையும் இலக்கமிட்டுப் பட்டியலிடலாம். ஒரு கற்பனைப் பட்டியலில் முதற் பொறி 1ஐ வாங்கி 5 தருகிறது என்றால், நம் புதிய சார்பு அங்கே 6. இரண்டாம் பொறி 2ஐ வாங்கி 0 தந்தால், புதியது 1. மூன்றாம் பொறி 3ஐ வாங்கிக்கொண்டு நில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. இங்கே நாம் என்ன எழுதுவது? அது இன்னும் சற்று நேரத்தில் நிற்குமா, என்றுமே நில்லாதா என்பதை அறிந்தால்தான் அடுத்த படி உண்டு. காத்திருப்பதைத் தவிர விதி எதுவும் கையில் இல்லை. சரி, எப்போதும் நிற்கும் பொறிகளை மட்டும் பொறுக்கிப் பட்டியலிடலாமே என்றால், பொறுக்குவதற்கே விதி வேண்டும், அத்தகைய விதியை எந்தப் பொறியும் தாங்காது. சேர்ச்சின் மாணவர் ஸ்டீபன் கிளேனி, தம் ஆசிரியரின் கூற்றை இந்த வழியில் உடைக்கவே உட்கார்ந்ததாகவும், அந்த வெட்டை விதிப்படி செய்ய முடியாது எனக் கண்டு ஒரே இரவில் ஆதரவாளர் ஆனதாகவும் பிற்காலத்தில் எழுதினார். முன்னைய வகுப்பை உடைத்த அதே முறை இங்கே கூர்மழுங்கியது. கூற்று பொய்யென்று காட்ட விரும்புபவர் செய்ய வேண்டியதும் இதனால் தெளிவாகிறது: பொறி நிற்குமா என்பதை எல்லாப் பொறிகளுக்கும் தீர்மானிக்கும், மனிதர் பென்சிலால் பின்பற்றத்தக்க ஒரு விதியை அவர் எழுதிக் காட்டலாம். இதுவரை யாரும் காட்டவில்லை.

கூற்று சொல்லாதவற்றையும் சுருக்கமாகக் குறிக்க வேண்டும். மனித மூளை ஒரு நாடாப் பொறி என்று அது சொல்லவில்லை. விதியைப் பின்பற்றும்போது மனிதர் செய்வதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இயற்கையில் எந்தப் பொருளும் இதை மீற முடியாது என்பது வேறொரு கூற்று, அதற்குச் சான்று இயற்பியலிலிருந்து வர வேண்டும். குவாண்டம் கணினி இதைப் பொய்யாக்கிவிட்டது என எழுதுவோர் வேகத்தையும் எல்லையையும் குழப்புகிறார்கள்: அது சில கணக்குகளை விரைவாக முடிக்கலாம், ஆனால் சாதாரணப் பொறி எக்காலத்திலும் கணிக்க முடியாத எதையும் அது கணிப்பதில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'தீசிஸ்' கிரேக்கத்தில் 'வைத்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. வாதத்துக்காக ஒருவர் முன்வைப்பதை அது குறிக்கும், பட்டத்துக்காக எழுதும் ஏட்டைக் குறித்தது பிறகு வந்த பொருள். சேர்ச்சும் ரூரிங்கும் இதைத் 'தீசிஸ்' என அழைக்கவில்லை. சேர்ச் இதை வரைவிலக்கணம் என்றார். வரைவிலக்கணம் என்று பெயரிட்டால் இது தொடர்ந்து சோதிக்கப்பட வேண்டியது என்பது மறைந்துவிடும் எனக் கண்டித்த போஸ்ற், செயற்படு கருதுகோள் என்றே கொள்ள வேண்டும் என்றார். 1943இல் கிளேனிதான் 'தீசிஸ்' என்ற பெயரைக் கொடுத்தார். அவரது 1952ஆம் ஆண்டு நூல் அதைப் பரப்பியது.

தமிழில் மிக நெருங்கிய பழஞ்சொல் 'மேற்கோள்'. சிவஞானபோதத்தில் ஒவ்வோர் அதிகரணமும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்றே நடக்கிறது. அங்கே மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. ஆனால் இன்று அந்தச் சொல் பிறர் வாக்கை எடுத்தாளுவதற்குச் சொந்தமாகிவிட்டது, மீட்க முயன்றால் வாசகர் குழம்புவர். 'கருதுகோள்' என்றால் நாளைக்கே ஒரு சோதனை முடிவுகட்டிவிடும் என்ற எதிர்பார்ப்பு எழும். 'முடிபு' மிகை. ஐயத்தைக் கடந்து, காரணம் காட்டி, ஆனால் நிறுவல் என்று உரிமை கொண்டாடாமல் ஏற்றுக்கொண்ட நிலையைக் குறிக்கத் 'துணிபு' பொருந்துகிறது. 'துணி' என்னும் வினையில் ஆராய்ந்து தெளிதலும் உண்டு, ஓரளவு துணிச்சலும் உண்டு. ஆகவே 'விதிவழிக் கணிப்புப் பற்றிய சேர்ச்–ரூரிங் துணிபு' என்பது முழுப் பெயர். தமிழ்நாட்டு நூல்களில் 'டூரிங்' என்று கண்டால் அவரும் நம் ரூரிங்கே.