ட்ரீப் என்னும் குவிமரம்: ஒரு சொல் விளக்கம்

‘ட்ரீப்’ என்பது ‘ட்ரீ’, ‘ஹீப்’ என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒன்றோடொன்று ஒட்டி உருவாக்கிய சொல்லாகும். முன்னது மரம், பின்னது குவியல். கணினி அறிவியலில் இவ்விரண்டும் தனித்தனித் தரவுக் கட்டமைப்புகளின் பெயர்கள். இருமத் தேடல் மரத்தின் கிளைகள் சந்திக்கும் புள்ளியான கணு ஒவ்வொன்றிலும், தேடுவதற்கு உதவும் மதிப்பான சாவி ஒன்று இருக்கும்; அக்கணுவுக்கு இடப்பக்கம் அதனினும் சிறிய சாவிகளும் வலப்பக்கம் பெரிய சாவிகளும் இருக்கும். குவியலில் இடம் வலம் என்னும் பாகுபாடு இல்லை. தாய்க்கணுவின் முன்னுரிமை தன் பிள்ளைகளின் முன்னுரிமையைவிடக் குறையக் கூடாது என்பது ஒன்றே அதன் விதி. ட்ரீப்பில் ஒவ்வொரு கணுவும் ஒரு சாவியையும் ஒரு முன்னுரிமை எண்ணையும் சேர்த்தே சுமக்கிறது. சாவிகள் மரத்தின் விதிக்கும் முன்னுரிமைகள் குவியலின் விதிக்கும் கட்டுப்படுகின்றன.

இந்த அமைப்பை 1980இல் ழான் வுய்மன் ‘கார்ட்டீசியன் மரம்’ என்னும் பெயரில் விவரித்தார். ‘ட்ரீப்’ என்னும் சொல்லை எட்வர்ட் மெக்ரைட் முதலில் வேறொரு கட்டமைப்புக்குச் சூட்டி, பின்னர் கைவிட்டார். சிசிலியா அரகானும் ரைமண்ட் சைடலும் 1989இல் அச்சொல்லை எடுத்து இன்றைய பொருளில் நிலைநிறுத்தினார்கள். முன்னுரிமை எண்களைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தால் மரம் தானாகவே சமநிலையை நெருங்கும் என்று காட்டியதே அவர்களுடைய பங்களிப்பு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 10, 20, 30, 40, 50 என்னும் சாவிகள் இதே ஏறுவரிசையில் வந்து சேர்ந்தால், வெறும் தேடல் மரம் ஐந்து நிலை ஆழமுள்ள சங்கிலியாக நீண்டுவிடும். இப்போது அவற்றுக்கு முறையே 38, 71, 15, 90, 52 என்னும் முன்னுரிமைகள் குலுக்கலில் கிடைத்ததாகக் கொள்வோம். 20 என்னும் சாவி முதலில் 10இன் வலப்பிள்ளையாக அமர்கிறது. 71 என்பது 38ஐ விடப் பெரிது என்பதால் ஒரு சுழற்சியில் 20 மேலேறி வேராக, 10 அதன் இடப்பிள்ளையாக இறங்குகிறது. 30க்கு வாய்த்த முன்னுரிமை சிறியது என்பதால் அது 20இன் வலப்பக்கம் அப்படியே தங்கிவிடுகிறது. அடுத்து வரும் 40, 30க்குக் கீழே அமர்ந்து, தன் 90இன் வலுவால் முதலில் 30ஐயும் பிறகு 20ஐயும் தாண்டி இரண்டு சுழற்சிகளில் வேராகிறது. அதன் இடப்பிள்ளையாக 20 நிற்க, 10உம் 30உம் 20இன் இருபுறமும் அமைகின்றன. கடைசியாக வரும் 50, 40இன் வலப்பக்கம் நகராமல் நிற்கிறது. ஐந்து நிலைகளாக நீண்டிருக்க வேண்டியது மூன்று நிலைகளுக்குள் அடங்கிவிட்டது.

முன்னுரிமை இறங்குவரிசையில், அதாவது 40, 20, 50, 10, 30 என்று, இதே சாவிகளை வெறும் தேடல் மரத்தில் சேர்த்துப் பார்த்தாலும் இதே வடிவம்தான் கிடைக்கும். என் பார்வையில் இக்கட்டமைப்பின் உயிர்நிலை இதுவே: சாவிகள் எந்த வரிசையில் வந்தாலும், அவை கலைத்துப்போட்ட வரிசையில் வந்ததைப் போன்ற வடிவத்தையே மரம் பெறுகிறது. பத்து லட்சம் சாவிகள் இருந்தாலும், எந்த ஒரு சாவியை அடையவும் கடக்க வேண்டிய கணுக்களின் சராசரி எண்ணிக்கை 27ஐத் தாண்டுவதில்லை. முழுச் சமநிலையுள்ள மரத்தின் உயரமே 20. இங்கே சராசரி என்பது குலுக்கலின் மீது எடுக்கப்படுவதே தவிர, உள்ளீடு நல்லதாக அமையும் என்னும் நம்பிக்கையின் மீது எடுக்கப்படுவதன்று.

இதற்குரிய தமிழ்ச் சொல் எது? ‘மரக்குவியல்’ என்பது நேர்ச்சொல்லாகத் தோன்றினாலும், தமிழில் மரம் என்பது வெட்டிய தடியையும் குறிப்பதால் அது விறகுக் குவியலையே நினைவூட்டும். அதைவிட முதன்மையான தடை இலக்கணத்தில் உள்ளது. தமிழ்த் தொகையில் இத்தகைய இடங்களில் பின்மொழியே தலைமை பெறுவதால், ‘மரக்குவியல்’ என்றால் அது ஒருவகைக் குவியல் என்று பொருள்படும். ட்ரீப்போ தேடுவதற்கான மரம். குவியல் விதி அதன் வடிவத்தைக் காக்கும் துணை மட்டுமே. ஆகவே ‘குவிமரம்’ என்பதே பொருந்தும் என்பது என் முடிவு. குவிலென்சு, குவியாடி என்பவற்றில் வரும் ‘குவி’ வளைவைச் சுட்டுவதால், முதன்முறை ஆளும் இடத்தில் ‘குவியல் விதிக்கு உட்பட்ட தேடல் மரம்’ என்று விளக்கிவிடுவது நல்லது.

‘குவிமரம்’, ‘ட்ரீப்’ ஆகிய இரண்டு சொற்களிலும் குலுக்கலுக்கு இடமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவர் சாவியையே முன்னுரிமையாகவும் வைத்துவிட்டால் இரு விதிகளும் பிழையின்றி நிறைவேறும். ஆனால் மரம் மீண்டும் சங்கிலியாகிவிடும். நிரல் எந்தப் பிழையையும் காட்டாது. மரத்தின் உயரத்தை அளந்தால்தான் குறை தெரியும். அரகானும் சைடலும் தம் கட்டுரைக்கு ‘சமவாய்ப்புத் தேடல் மரங்கள்’ என்று பொருள்படும் தலைப்பையே இட்டார்கள். சமநிலைக்கான உறுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடங்களில் ‘சமவாய்ப்புக் குவிமரம்’ என்று முழுமையாக எழுதுவதே சரி.