தள்ளுபடிக் கோடு 140 ஆர்டர் காட்டியது. அதில் 38தான் இன்ஃப்ளூயன்சருடையது

பயணப் பை விற்கும் ஒரு நிறுவனம் இரண்டு இன்ஃப்ளூயன்சர்களை வைத்து விளம்பரம் செய்தது. ஆளுக்கொரு தள்ளுபடிக் கோடு, ஆளுக்கொரு லிங்க். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முதலாமவரின் கோடில் 140 ஆர்டர், இரண்டாமவரின் கோடில் 22. இரண்டாமவரை நிறுத்திவிடலாம் என்று முடிவெடுக்கும் கட்டத்தில்தான் கணக்கு என்னிடம் வந்தது.

நான் முதலில் பார்த்தது ஆர்டர்கள் வந்த தேதிகளை. இன்ஃப்ளூயன்சர் பதிவால் வரும் விற்பனை முதல் இரண்டு மூன்று நாளில் எகிறி, பிறகு படிப்படியாக இறங்கும். முதலாமவரின் ஆர்டர்களும் அப்படித்தான் தொடங்கின. ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து திரும்பவும் ஏறி, தினமும் ஏழெட்டு என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தன. அந்த ஆர்டர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவர்கள் பையை ஏற்கெனவே கூடையில் போட்டிருந்தார்கள். பணம் கட்டும் பக்கம் வரை வந்து, வெளியே போய், ஒரு கூப்பன் தளத்தின் வழியாகத் திரும்பி வந்து கோடைப் போட்டிருந்தார்கள். கோடு கசிந்துவிட்டது. எப்படியும் வாங்கியிருப்பவர்களுக்குத் தள்ளுபடியும் கொடுத்து, அந்த விற்பனைக்கு இன்ஃப்ளூயன்சருக்குக் கமிஷனும் கொடுத்திருக்கிறார்கள். கசிவைக் கழித்தபின் மிஞ்சியது 38.

லிங்குக்கு வேறு குறை. இரண்டாமவருக்குக் கொடுத்திருந்த லிங்க் இப்படி இருந்தது:

```
https://example.com/bags?utm_source=instagram&utm_medium=influencer&utm_campaign=june_bags&utm_content=b_story
```

utm என்று தொடங்குபவை, வாங்குபவர் எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் குறிப்புகள். இதில் தவறு எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: Instagram, instagram இரண்டையும் கூகுள் அனலிட்டிக்ஸ் வெவ்வேறாக எண்ணும், அதனால் எல்லாவற்றையும் சிறிய எழுத்திலேயே வையுங்கள். உண்மையான சிக்கல் பார்ப்பவரின் பழக்கத்தில் இருக்கிறது. செயலிக்குள்ளேயே திறக்கும் பிரவுசரில் பையைப் பார்க்கிறார், மூடிவிடுகிறார். இரவு வேறு பிரவுசரில் பிராண்டின் பெயரை நேராகத் தேடி வந்து வாங்குகிறார். லிங்கின் குறிப்பு அங்கே கூட வராது. அந்த விற்பனை கூகுள் தேடலின் கணக்கில் சேர்ந்துவிடும்.

அதனால் பிராண்டு பெயர்த் தேடலைத் தனியாகப் பார்த்தோம். கூகுள் தேடலிலிருந்து தளத்துக்கு வரும் கிளிக்குகளைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் பிராண்டு பெயரும் அதன் எழுத்துப்பிழை வடிவங்களும் உள்ள தேடல்களை மட்டும் வடிகட்டினோம். ஒப்பிட எடுத்தது முந்தைய நான்கு வாரங்களின் அதே கிழமைகள். ஞாயிறையும் வியாழனையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும். இரண்டாமவரின் வீடியோ வியாழன் பிற்பகல் வெளியானது. வியாழனின் வழக்கமான 200 கிளிக் 460 ஆனது. வெள்ளி 215 என்பது 390, சனி 240 என்பது 300, ஞாயிறு 250 என்பது 265. கூடுதல் மொத்தம் 510. முதலாமவரின் பதிவு வந்த நாட்களில் இப்படி எந்த ஏற்றமும் இல்லை.

பெயரைத் தேடி வருபவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் வாங்குவது இந்தக் கடையின் பழைய கணக்கு. அப்படியானால் சுமார் 30 ஆர்டர். இங்கே அவசரப்படக் கூடாது, ஏனென்றால் கோடு போட்ட 22 பேரில் 14 பேர் தேடல் வழியாகத்தான் வந்திருந்தார்கள். அவர்களைக் கழித்தால் 16. லிங்க் வழியாக வந்தவை 9 ஆர்டர், அவற்றில் 5 கோடும் போட்டவை, ஆகவே புதிதாகச் சேருவது 4. 22, 4, 16 சேர்த்து 42. நிறுத்தப் பார்த்தார்களே, அவர் முதலாமவரை விடக் குறைவில்லை.

அந்த 16 மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்த ஆர்டர் அல்ல. அந்த வாரத்தில் வேறு மின்னஞ்சலோ தள்ளுபடியோ போகவில்லை, பிராண்டு பெயருக்குக் கூகுள் விளம்பரமும் ஓடவில்லை என்று கேட்டு உறுதி செய்த பிறகே அதைச் சேர்த்தேன். ஒரே நாளில் இரண்டு பேரும் பதிவிட்டிருந்தால் யாரால் ஏறியது என்று பிரிக்கவே முடியாது. நாளுக்குப் பத்துப் பதினைந்து தேடல் மட்டுமே வரும் சிறு பிராண்டுக்கும், பெயரே பொதுச்சொல்லாக இருப்பதற்கும் இந்த வழி உதவாது. இன்னொன்று, சர்ச் கன்சோலின் தினசரிக் கணக்கு பசிபிக் நேரப்படி நாளைப் பிரிக்கும். பதிவு வெளியான நேரத்தை அதற்கேற்ப மாற்றிப் படிக்காவிட்டால் ஏற்றம் வேறு நாளில் விழுந்தது போலத் தெரியும்.

அடுத்த சுற்றில் இருவரின் பதிவுகளுக்கும் இடையே ஒரு வாரம் விட்டோம். கோடுகள் பத்தே நாள் செல்லும், ஒருவருக்கு ஒரு முறைதான். ஆர்டர் முடிந்த பக்கத்தில் "எங்களைப் பற்றி எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்று ஒரு கேள்வியும் வைத்தோம். கமிஷன் ஒப்பந்தத்தில், கூப்பன் தளம் வழியாக வந்த ஆர்டர் கணக்கில் சேராது என்று பதிவுக்கு முன்பே எழுதிக்கொண்டோம்.