14.7 எங்கிருந்து வந்தது?

என் டிப்ளோமா வகுப்பில் பாதிப் பேர் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். பக்கத்து வீட்டுக்குச் சட்டியோடு குழம்பு கொடுத்து வளர்ந்த பிள்ளைகள். நண்பன் கேட்டால் அசைன்மென்ட்டையும் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள்.

போன செமஸ்டரில் நான்கு பேர் சேர்ந்து பன்னிரண்டு செம்பனைச் சிறுதோட்டக்காரர்களைப் பேட்டி கண்டார்கள். பேட்டியும் அட்டவணையும் கூட்டு வேலை, முடிவுகளை விளக்கும் பகுதியை மட்டும் அவரவர் தனியாக எழுத வேண்டும் என்று கேள்வித்தாளிலேயே போட்டிருந்தேன்.

முதலில் அனுப்பியவருக்கு, மற்றக் கட்டுரைகளோடு ஒத்துப்போகும் வரிகளைக் காட்டும் டர்னிட்டின் மென்பொருள் 9 விழுக்காடு ஒற்றுமை காட்டியது. பச்சை நிறத்தைப் பார்த்து நிம்மதியாகிவிட்டார். அவர் அனுப்பிய நேரத்தில் நண்பர்களின் கட்டுரைகள் உள்ளே வரவே இல்லை, ஒப்பிட எதுவும் இல்லை. நான் வைத்திருந்த செட்டிங்கில், கெடு முடிந்ததும் எல்லா அறிக்கைகளும் மறுபடி கணக்கிடப்படும், அப்போது ஒரே வகுப்பின் கட்டுரைகளும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும். மறுநாள் அவருடையதும் இன்னும் இருவருடையதும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. அந்த இருவரும் வாக்கியத்துக்கு ஒரு சொல், இரண்டு சொல் மாற்றித்தான் இருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு சொல் மாறினாலும் அதன் இருபக்கமும் உள்ள வரிசை அப்படியே வண்ணத்தில் நிற்கிறதே.

விழுக்காட்டை வைத்து மட்டும் நான் யாரையும் கூப்பிடுவதில்லை. அட்டவணை, கேள்வித்தாளின் வாசகம், மேற்கோள் பட்டியல் ஆகியவை கூட்டு வேலையில் ஒத்துப்போகத்தான் செய்யும். அதனால் அவற்றை ஒதுக்கிவிட்டு விளக்கப் பகுதியை மட்டும் அருகருகே வைத்துப் படித்தேன். ஹெக்டருக்குச் சராசரி மகசூல் 17.4 டன் என்று அட்டவணையில் இருந்தது. மூவரின் விளக்கத்திலும் அது 14.7! இலக்கம் இடம் மாறிய தட்டச்சுப் பிழை. மூன்று பேருக்கும் தனித்தனியாக அதே பிழை வருமா?

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "தம்பி, இந்த 14.7 எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு பேர் அட்டவணையைப் புரட்டினார்கள். மூன்றாமவர், "மிஸ், நான்தான் எழுதினேன், பார்க்கச் சொல்லித்தான் கொடுத்தேன்" என்றார். அவருடைய கூகுள் டாக்ஸ் திருத்த வரலாறும் அதையேதான் சொன்னது. ஆனாலும் விதி கொடுத்தவரையும் எடுத்தவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தப் பகுதிக்கு மூவருக்கும் பூஜ்யம். எழுதியவருக்கும் சேர்த்துப் போட எனக்கு மனசே வரவில்லை.

மகசூல் ஏன் குறைந்தது, உரமா, வயதான மரமா என்று அவர்கள் மணிக்கணக்கில் பேசியிருந்தாலும் நான் கேள்வி கேட்டிருக்க மாட்டேன். பேச்சு முடிந்து அவரவர் குறிப்போடு வீட்டுக்குப் போய் எழுதியிருந்தால் வாக்கியங்கள் தானாகவே வேறு வேறாக வந்திருக்கும். ஒரே ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியதில்தான் சிக்கல்.

நான்காவது மாணவருக்கு 31 விழுக்காடு வந்தது. பயந்துபோய் வந்து நின்றார். திறந்து பார்த்தால் வண்ணம் முழுக்க அட்டவணையிலும் மேற்கோள் பட்டியலிலும்தான். விளக்கத்தில் 17.4 என்று சரியாக எழுதியிருந்தார். அனுப்பிவிட்டேன்.