வெளிப்புள்ளியின் x-ஐ வகைக்கெழுவில் போடாதீர்கள்

பிளஸ் டூ விடைத்தாள்களைத் திருத்தும்போது வருடா வருடம் நான் பார்க்கும் தவறு ஒன்று உண்டு. கணக்கு நன்றாக வரும் பிள்ளைகளும் இதில் விழுகிறார்கள். அதனால் தொடுகோடு பாடம் நடக்கும் இந்த நேரத்திலேயே எழுதிவிடுகிறேன்.

y = x² என்ற பரவளையத்துக்கு (1, −3) என்ற புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரைய வேண்டும் என்று கேள்வி. மாணவர் உடனே வகையிடுகிறார்: சாய்வு 2x. x = 1 என்று போட்டால் சாய்வு 2. கோட்டின் சமன்பாடு y = 2x − 5. விடையின் கீழ் கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்.

அந்தக் கோடு பரவளையத்தைத் தொடவே இல்லை. x² = 2x − 5 என்று சமப்படுத்திப் பாருங்கள். x² − 2x + 5 = 0 என்று வரும்; அதன் தன்மைக்காட்டி 4 − 20 = −16. மெய் மூலமே கிடையாது. 2x என்பது வளைவரையின் மேல் இருக்கும் புள்ளியில்தான் தொடுகோட்டின் சாய்வைத் தரும். (1, −3) வளைவரையின் மேல் இல்லை; x = 1 ஆகும்போது வளைவரை (1, 1) வழியாகப் போகிறது.

கோடு எங்கே தொடுகிறது என்பது நமக்கு இன்னும் தெரியாது. தெரியாததற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தொடுபுள்ளி (t, t²) என்று வைத்துக்கொள்வோம். அங்கே சாய்வு 2t. அதே கோடு (1, −3) வழியாகவும் போவதால், இரண்டு புள்ளிகளையும் வைத்துச் சாய்வு கண்டாலும் அதே 2t வர வேண்டும்:

t² + 3 = 2t(t − 1)

சுருக்கினால் t² − 2t − 3 = 0. அதாவது (t − 3)(t + 1) = 0. தொடுபுள்ளிகள் (3, 9), (−1, 1). சாய்வுகள் 6, −2. கோடுகள் y = 6x − 9, y = −2x − 1. இரண்டிலும் x = 1 போட்டால் y = −3 வருகிறது. சரி.

எண்களை விட்டு (p, q) என்ற பொதுப் புள்ளியை எடுத்தால் சமன்பாடு t² − 2pt + q = 0 ஆகிறது. நான் வகுப்பில் அதிக நேரம் நிற்பது இந்த இடத்தில்தான். மூலங்களின் கூடுதல் 2p. ஆகவே இரண்டு தொடுபுள்ளிகளின் x மதிப்புகளுக்கும் சரியாக நடுவில் வெளிப்புள்ளியின் x இருக்கும். மேலே 3-க்கும் −1-க்கும் நடுவில் 1. பெருக்கல் q, அதாவது −3. விடை சரியா என்று பார்க்க இந்த இரண்டே போதும், பத்து விநாடிகூட ஆகாது. எத்தனை தொடுகோடுகள் என்பது தன்மைக்காட்டியின் குறியை, அதாவது p² − q-வின் குறியைப் பொறுத்தது. புள்ளி வளைவரைக்கு வெளியே, அதாவது கீழே இருந்தால் இரண்டு தொடுகோடுகள். வளைவரையிலேயே இருந்தால் ஒன்று. (1, 5) மாதிரி உள்ளே இருந்தால் ஒன்றுகூடக் கிடையாது.

அப்புறம், அந்த மாணவருக்கு வந்த சாய்வு 2 எங்கிருந்து வந்த எண்? (−1, 1), (3, 9) இரண்டையும் இணைத்துப் பாருங்கள்: y = 2x + 3. தொடுநாணின் சாய்வும் 2. அவர் எழுதிய கோடு தொடுநாணுக்கு இணையாக வெளிப்புள்ளி வழியே போகிறது. எந்த வெளிப்புள்ளியை எடுத்தாலும் இப்படித்தான் வரும், ஏனென்றால் தொடுநாணின் சாய்வு இரண்டு t-களின் கூடுதல், அது 2p. இதைப் படம் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் பிறகு அந்தத் தவறைச் செய்வது அரிது.

பாடநூலில் வரும் y² = 4ax வடிவத்தில் வேறொரு பொறி இருக்கிறது. y² = 4x-க்கு (0, 3)-லிருந்து தொடுகோடு கேட்டால், பலர் y = mx + 1/m என்று எழுதி, m = 1/3 என்று ஒரே விடையோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்று x = 0, முனையில் தொடும் செங்குத்துக் கோடு. அதற்குச் சாய்வு கிடையாது என்பதால் m வைத்துத் தேடினால் அது கண்ணிலேயே படாது. தொடுபுள்ளியை (t², 2t) என்று வைத்தால் தொடுகோடு ty = x + t². (0, 3)-ஐப் போட்டால் 3t = t². இங்கே இரண்டு பக்கத்தையும் t-யால் வகுத்தால் அதே கோடு மறுபடியும் தொலைந்துபோகும். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து t(t − 3) = 0 என்று காரணிப்படுத்துங்கள்; (0, 0), (9, 6) என்று இரண்டு தொடுபுள்ளிகளும் கிடைக்கும்.