கட்டுடைப்பா, கட்டவிழ்ப்பா?

ஒரு பிரதியின் அமைப்பு தன்னுள்ளிருந்தே பிரிந்துவருவதைக் குறிக்கப் பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா ஆண்ட 'தெகோன்ஸ்த்ருக்சியோன்' என்ற சொல்லுக்குத் தமிழில் கட்டுடைப்பு, கட்டவிழ்ப்பு, தகர்ப்பமைப்பு எனப் பல பெயர்கள் உண்டு. புழக்கத்தில் வென்றது முதலாவதுதான். பொருளில் வென்றது இரண்டாவது என்பது என் கட்சி.

தத்துவவாதி ஹைடெக்கர் ஜெர்மனில் எழுதிய 'டெஸ்ட்ருக்ட்சியோன்' என்பதற்குப் பிரெஞ்சில் ஒரு சொல் தேடினார் தெரிதா. நேர் இணையாக அங்கே இருந்த 'தெஸ்த்ருக்சியோன்' அழிவையே குறித்தது. அது வேண்டாம் என்று விலக்கினார். பிறகு 'தெகோன்ஸ்த்ருக்சியோன்' என்ற சொல்லுக்காக லித்ரே என்ற பிரெஞ்சு அகராதியைப் புரட்டியதை, 1983இல் ஜப்பானிய அறிஞர் இசுத்சுவுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். வேறிடத்துக்குக் கொண்டுசெல்வதற்காக இயந்திரத்தைப் பிரித்தல், வாக்கியத்தின் சொல்லமைப்பைக் கலைத்தல், செய்யுளின் அளவை நீக்கி உரைநடைபோல ஆக்குதல் ஆகிய பொருள்கள் அங்கே கிடைத்தன.

மூன்றாவது பொருள் நமக்கு மிக நெருக்கம். யாத்தல் என்றால் கட்டுதல். யாப்பு என்பதே கட்டு. யாப்பைத் தளர்த்திச் செய்யுளை உரைநடையாக்குவதை 'அவிழ்த்தல்' என்று சொல்ல முடிகிறது, 'உடைத்தல்' என்று சொன்னால் நெருடுகிறது. உடைத்தல் என்றதும் தெரிதா விலக்கிய அழிவு வாசல் வழியே மறுபடி வந்துவிடுகிறது. இன்று பத்திரிகைகளில் ஒருவர் இன்னொருவரின் வாதத்தை மறுத்தாலே 'கட்டுடைத்தார்' என்று எழுதுவது அதனால்தான்.

'-சியோன்' ஈறு செயலையும் அதன் விளைவையும் சேர்த்தே குறிக்கும். தமிழில் தொழிற்பெயருக்கு '-தல்', விளைவுக்கு '-பு' என்று ஓரளவு பிரிக்கலாம். செய்பவர் யார் என்பதுதான் சிக்கல். யாரும் செய்யாமல் அது தானாகவே நிகழ்கிறது என்கிறார் தெரிதா. அவிழ்தல் தன்வினை, அவிழ்த்தல் பிறவினை. இந்த வேறுபாட்டை ஒரே ஒற்றில் காட்டுவது நம் மொழிக்குக் கைவந்த வேலை. 'கட்டவிழ்ப்பு' என்ற பெயரில் அது மறைந்துவிடும். ஆகவே கருத்து முக்கியமான இடத்தில் 'கட்டவிழ்தல்' என்றே எழுதுவேன்.

'-இஸ்ம்' கதை வேறு. 'ஸ்ட்ரக்சுரலிசம்' என்று கடன் வாங்கியே 1982இல் திறனாய்வாளர் தமிழவன் நூல் எழுதினார். பின்னர் அமைப்பியல் நிலைத்தது. ஆனால் '-இயல்' துறைக்குரிய ஈறு: மொழியியல், உளவியல். கொள்கைக்கு '-இயம்' பொருந்தும்: மார்க்சியம், இருத்தலியம். '-வாதம்' என்றால் ஒருவர் மேடையேறி வாதாடுவதுபோல ஒலிக்கிறது. இருத்தலியத்துக்காக 1945இல் பாரீசில் மேடையேறிப் பேசிய சார்த்ருக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். கட்டவிழ்தலை ஒரு முறையென்று சொல்வதையே தெரிதா மறுத்தவர். அதன் பின்னால் '-இயம்' சேர்ப்பது அவர் பெயரில் கட்சி ஆரம்பிப்பதாகும்.

பெயர்ச்சொல்லே வேண்டாத இடங்களும் உண்டு. 'பிரதியில் கட்டுடைப்பு நிகழ்த்தப்படுகிறது' என்பதைவிட, 'பிரதி தானே கட்டவிழ்கிறது' என்பது குறைந்த சொல்லில் கூடுதல் சொல்கிறது.