‘தெரியும்’ என்றால் பிராண்ட் பலமா?

பிராண்ட் ஓடிட் என்று, அதாவது ஒரு பிராண்டின் நிலையைச் சோதித்து, மாணவர்கள் எழுதும் அறிக்கைகளில் இந்த வருடம் இது நாலாவது. நாலிலும் ஒரே வசனம்: "பதிலளித்தவர்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் அறிந்திருப்பதால் இது பலமான பிராண்ட்." இனியும் எழுதாமல் இருந்தால் ஐந்தாவதும் வரும்.

இந்த முறை கிளிநொச்சிப் பக்கத்து நல்லெண்ணெய் மில் ஒன்று. மூன்று பிள்ளைகள் கூகுள் ஃபோமில் 120 பேரைப் பிடித்திருந்தார்கள். முதல் கேள்வியே "இந்த எண்ணெயைத் தெரியுமா?" பக்கத்தில் போத்தலின் படமும் இருந்தது. யார்தான் இல்லை என்பார்? மில்லின் போர்ட் பிரதான வீதியில் நிற்கிறது, பஸ்ஸில் போகிற எவருக்கும் அது தெரியும். பெயரைக் காட்டிக் கேட்டால் ஆள் அடையாளம் காண்கிறார், அவ்வளவுதான். பெயரைக் காட்டாமல் "நல்லெண்ணெய் என்றால் எந்தப் பெயர் ஞாபகம் வருகிறது?" என்று கேட்டு, அவர் வாயில் முதலில் வருவதை எழுத வேண்டும். இந்தக் கேள்வி முன்னுக்கு வர வேண்டும். பெயர்ப் பட்டியலைக் காட்டியபின் கேட்டால் நீங்களே சொல்லிக்கொடுத்த பதில்தான் திரும்பி வரும். அந்தப் பட்டியலில் கற்பனையான ஒரு பெயரையும் நுழைத்து விடுங்கள். அதையும் 'தெரியும்' என்பவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

பிள்ளைகளைத் திரும்ப அனுப்பினேன். சந்தையில் 40 பேர். படத்தோடு கேட்டபோது 34 பேர் தெரியும் என்றார்கள். எதையும் காட்டாமல் கேட்டபோது இந்தப் பெயரைச் சொன்னவர்கள் 9 பேர். நாங்கள் கற்பனையாகப் போட்ட பெயரையும் 7 பேருக்குத் 'தெரிந்திருந்தது'. மரியாதைக்குச் சொன்ன 'தெரியும்' எவ்வளவு என்று அந்த ஏழு பேர் காட்டிவிட்டார்கள்.

பிறகு ஒரு பின்னேரம் முழுக்க ஒரு பலசரக்குக் கடையில் நின்றோம். ஓர் அம்மா வந்தார். "தம்பி, நல்லெண்ணெய் ஒரு போத்தல்." கடைக்காரர் கேட்டார்: "எது அம்மா?" "மில் எண்ணெய் தான்." அவருக்கு வேண்டியது ஆட்டிய எண்ணெய், பெயர் எதுவானாலும் சரி. அந்த பிராண்டைப் பற்றி 120 ஃபோம்களும் சொல்லாததை அந்த மூன்று சொல் சொல்லியது.

ஓடிட்டின் மற்றப் பாதி முதலாளி பக்கம். லேபல், பில், போர்ட், பேஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பச் சொன்னேன். பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. லேபலில் ஒரு பச்சை, போர்டில் வேறு பச்சை. இதைக் காண ஒரு மணித்தியாலம் போதும், ஆனால் யாரும் பரப்பிப் பார்ப்பதில்லை.

இனிப் பெறுமதி. அறிக்கையில் பிராண்ட் பெறுமதி ஒன்றரைக் கோடி ரூபாய். எப்படி? ஒரு போத்தல் 1,500 ரூபாய், வருடம் 10,000 போத்தல். பிள்ளைகளே, அது வருட விற்பனை! எள்ளு, கூலி, கரண்ட் எல்லாம் அதற்குள் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் எது கிடைக்காமல் போகுமோ அதுதான் பெயரின் பங்கு.

அதே மில் அதே எண்ணெயை லேபல் இல்லாமல், அதே அளவுப் போத்தலில் 1,380 ரூபாய்க்குக் கொடுக்கிறது. வித்தியாசம் 120. லேபலுக்கும் சீலுக்கும் 30 போனால் 90. பத்தாயிரம் போத்தலுக்கு 9 இலட்சம். விளம்பரச் செலவு 2 இலட்சத்தைக் கழித்தால் 7. வரி 30 வீதம் என்று வைத்தால் மிஞ்சுவது 4.9 இலட்சம். இது வருடா வருடம் இப்படியே வரும் என்று எடுத்து, சின்ன வியாபாரத்தின் ஆபத்துக்காக 20 வீதத்தால் வகுத்தால் 24.5 இலட்சம். 25 வீதம் என்றால் 19.6 இலட்சம். அந்த வீதத்தைத் தெரிவுசெய்வது நீங்கள்தான், ஆகவே ஒற்றை எண்ணை எழுதாதீர்கள். இரண்டையும் எழுதி, ஏன் என்று சொல்லுங்கள். லேபல் இல்லாத போத்தலே இல்லாத மில்லென்றால், தரத்தில் நெருங்கிய வேறு எண்ணெயோடு ஒப்பிடலாம், ஆனால் விலை வித்தியாசத்தில் தரத்தின் பங்கும் கலந்துவிடும். அதையும் அறிக்கையில் ஒத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை யாரும் கேட்பதே இல்லை: பெயர் யாருடையது? முதலாளி பெருமையோடு ஒரு சான்றிதழைக் காட்டினார். அது பிரதேச செயலகம் ஊடாக எடுத்த வணிகப் பெயர்ப் பதிவு. வர்த்தகக் குறி வேறு, அது கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் பத்து வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதியாத பெயரின் பெறுமதியை எழுதும்போது அதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், தயவு செய்து.

கடைசியில் முதலாளி அந்த 24 இலட்சத்தை ஐந்தொகையில் சொத்தாகப் போடலாமா என்று கேட்டார். முடியாது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 38 தானே வளர்த்த பிராண்டைச் சொத்தாகக் காட்ட விடாது, வேறொருவரிடம் வாங்கிய பிராண்ட் என்றால் கதை வேறு. கொஞ்ச நேரம் யோசித்தவர், "அப்ப முதலில் அந்த வர்த்தகக் குறிப் பதிவுக்கு என்ன செலவு சேர்?" என்றார்.